இல்லாத இடத்தில் விழும் நிழல்: ஓ.பி.ஜி. படத்தில் பிழையைப் படிக்கும் முறை

வலது கீழ் ஞானப்பல் வலிக்கிறது என்று வந்த ஒரு பெண்ணின் ஓ.பி.ஜி. படத்தை எடுத்துக்கொள்வோம். வயது 26. ஞானப்பல் தனக்கு முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லின் மீது சாய்ந்து கிடப்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் படத்தைக் கையில் வாங்கும் மாணவரின் கண் அங்கே நிற்பதில்லை. இடது மேல்தாடையில், கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கு மேலே, சைனஸ் இருக்கும் இடத்தில் விளிம்பு கலைந்த ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது. மேலும் கீழுமாக எட்டு வெட்டுப்பற்களும் அகன்று, மங்கி, அடையாளம் தெரியாமல் இருக்கின்றன. படத்தின் நடுவில், கீழிருந்து மேலே குறுகிக்கொண்டே போகும் ஒரு வெளிறிய முக்கோணம். மேல்வரிசை வேர்களின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை.

இந்த நான்கில் ஒன்றுகூட நோய் இல்லை. நான்குமே அந்தப் பெண் எந்திரத்துக்குள் நின்ற விதத்தாலும், அவர் காதில் இருந்த ஒரு நகையாலும் வந்தவை. ஒவ்வொன்றும் தான் எப்படி வந்தது என்பதைத் தன் உருவத்திலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாவிட்டால் இல்லாத கட்டியைத் தேடி நோயாளியை அலைக்கழிப்போம். இன்னும் மோசமாக, உண்மையான நோயைப் பிழை என்று ஒதுக்கிவிடுவோம்.

சாதாரண எக்ஸ்-ரேயில் கதிர்க்குழாயும் அசையாது, படம் விழும் தகடும் அசையாது. ஓ.பி.ஜி.யில் இரண்டும் நகர்கின்றன. கதிர்க்குழாய் தலைக்குப் பின்புறமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிறது. அதற்கு நேரெதிரே சென்சார் முகத்துக்கு முன்னால் சுற்றி வருகிறது. நடுவே பாய்வது ஒரு மெல்லிய கீற்றுக்கதிர். அந்தக் கீற்று தாடையைச் சிறிது சிறிதாகக் கடந்துபோகப் போக, சென்சார் அதை வரிசையாகப் பதிவு செய்கிறது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 15 விநாடி. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் யர்யோ பாட்டெரோ 1940களின் இறுதியில் இந்த முறையில் படமெடுத்துப் பார்த்தார். பிறகு, தாடை முழு வட்டமாக இல்லாமல் லாட வடிவில் இருப்பதால், ஒரே சுழல்மையம் போதாது என்று மூன்று மையங்களைக் கொண்ட முறைக்கு நகர்ந்தார். இன்றைய எந்திரங்களில் சுழல்மையம் ஓரிடத்தில் நிற்காமல், கதிர் நகர நகரத் தானும் இடம் மாறிக்கொண்டே போகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு வளைந்த பட்டைக்குள் இருப்பவை மட்டுமே கூர்மையாகப் பதியும். அதை ஃபோக்கல் டிரஃப் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத, தாடையின் வடிவில் வளைந்த ஒரு கால்வாய் அது. கடைவாய்ப் பகுதியில் அகலமாக இருக்கும். முன்பற்கள் இருக்கும் இடத்தில் ஒடுங்கிவிடும். முன்பகுதியைக் கதிர் கடக்கும்போது சுழல்மையத்துக்கும் பற்களுக்கும் இடையே உள்ள தொலைவு குறைவு என்பதே இந்த ஒடுக்கத்துக்குக் காரணம். அதனால்தான் தலை சில மில்லிமீட்டர் முன்னோ பின்னோ போனால் கடைவாய்ப்பற்கள் பொறுத்துக்கொள்கின்றன, வெட்டுப்பற்கள் பொறுத்துக்கொள்வதில்லை. ஓ.பி.ஜி.யில் எப்போதும் முதலில் கெடுவது முன்பற்கள்தான்.

சரி, கெட்டுப்போகும் முன்பல் ஏன் சில படங்களில் அகன்றும் சில படங்களில் ஒடுங்கியும் தெரிகிறது? ஜெராக்ஸ் எந்திரத்தில் விளக்கு நகரும்போது, தாளையும் அது போகும் திசையிலேயே மெல்ல இழுத்துப் பாருங்கள். எழுத்துகள் நீண்டுபோகும். எதிர்த்திசையில் இழுத்தால் சுருங்கிவிடும். எழுத்தின் உயரம் இரண்டிலும் மாறாது, அகலம் மட்டுமே மாறும். ஓ.பி.ஜி.யிலும் நடப்பது இதுதான். சுழல்மையத்துக்கு அருகே கீற்றுக்கதிர் மெதுவாக நகரும். மையத்திலிருந்து விலக விலக வேகம் கூடும். ஃபோக்கல் டிரஃபில் உள்ள பல்லைக் கதிர் எந்த வேகத்தில் கடக்குமோ, அதற்குப் பொருத்தமாகச் சென்சாரின் வேகம் அமைக்கப்பட்டிருக்கிறது. நோயாளி பின்தள்ளி நின்றால் முன்பல் சுழல்மையத்தை நெருங்கிவிடும். கதிர் அதைக் கடக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சென்சார் கூடுதல் தூரம் ஓடிவிடுவதால் பல் அகன்று பதியும். முன்தள்ளி நின்றால் கதிர் பல்லை விரைவாகக் கடந்துவிடும், பல் ஒடுங்கிப் பதியும்.

பல்லின் நீளத்தை இந்த வேக வேறுபாடு தொடுவதே இல்லை. உயரத்தைத் தீர்மானிப்பது கதிர்க்குழாய், பல், சென்சார் மூன்றுக்கும் இடையே உள்ள தொலைவுதான். ஆகவே மங்கலான முன்பல்லைப் பார்த்தவுடன் செய்யவேண்டியது, அகலத்தையும் நீளத்தையும் ஒப்பிடுவது. நீளம் ஏறத்தாழ இயல்பாகவும் அகலம் மட்டும் மிகையாகவும் இருந்தால் நோயாளி பின்னால் இருந்தார். பற்கள் குச்சி குச்சியாகத் தெரிந்தால் முன்னால் இருந்தார். முன்னால் இருந்ததற்கு இன்னொரு சாட்சியும் கிடைக்கும்: முன்கடைவாய்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், கழுத்தெலும்பு இருபுறமும் தாடையின் பின்பகுதி மீது வந்து படியும்.

நம் பெண்ணின் படத்தில் எட்டு வெட்டுப்பற்களும் அகன்றிருக்கின்றன. ஆகவே அவர் பின்னால் இருந்தார். பைட் பிளாக் என்ற கடிகட்டையில் ஒரு பள்ளம் இருக்கும். மேல் வெட்டுப்பல்லின் விளிம்பும் கீழ் வெட்டுப்பல்லின் விளிம்பும் அந்தப் பள்ளத்தில் நேருக்கு நேர் உட்கார வேண்டும். ஃபோக்கல் டிரஃபின் இடத்தைக் காட்டும் அடையாளமே அந்தப் பள்ளம். இவர் பள்ளத்தை எட்டாமல், கட்டையின் நுனியை மட்டும் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாதாரணமாக வாயை மூடினால் கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்குச் சற்று உள்ளே போய் உட்காரும். நோயாளி வழக்கம்போல் கடித்தால் மேல்பல் பள்ளத்திலும் கீழ்ப்பல் அதற்குப் பின்னாலும் இருக்கும். படத்தில் மேல்பற்கள் கூர்மையாகவும் கீழ்ப்பற்கள் மட்டும் அகன்றும் மங்கியும் வரும். இதையும், முகவாயைத் தாழ்த்தி நின்றதால் வரும் மங்கலையும் பிரித்தறிய வேண்டும். முகவாய் தாழ்ந்தால் கீழ் முன்பற்களின் வேர்கள் பட்டைக்குப் பின்னால் போய்விடும். அதனாலும் கீழ்ப்பற்கள் கெடும். ஆனால் வேர்கள் குறுகியும் தெரியும், கூடவே படத்தின் மொத்த வளைவும் மாறும். பல்வரிசை அளவுக்கு மீறிச் சிரிப்பதுபோல் வளைந்து, தாடை ‘வி’ வடிவமாகி, இருபக்கத் தாடைமூட்டுகளும் மேலே ஏறும். சில நேரம் படத்தின் மேல்விளிம்பிலேயே வெட்டுப்படும். வளைவு இயல்பாக இருந்து கீழ்ப்பற்கள் மட்டும் கெட்டிருந்தால் குற்றம் கடிகட்டையில். வளைவும் சேர்ந்து கெட்டிருந்தால் குற்றம் முகவாயில். முகவாயை உயர்த்தியவர் படத்தில் எல்லாம் தலைகீழ்: பல்வரிசை தட்டையாகும் அல்லது கவிழ்ந்து வளையும், மேலண்ணத்தின் வெள்ளைக் கோடு மேற்பற்களின் வேர்கள் மீது வந்து உட்காரும்.

பிழையே இல்லாமலும் முன்பல் மங்கலாம். மேல்தாடை வெகுவாக முன்தள்ளியோ கீழ்த்தாடை வெகுவாக உள்வாங்கியோ உள்ளவருக்கு இரண்டு வரிசை முன்பற்களின் வேர்களையும் அந்த ஒடுங்கிய பட்டைக்குள் ஒருசேரக் கொண்டுவர முடியாது. அவரை மறுபடி மறுபடி நிற்கவைத்துப் படமெடுப்பதில் பயனில்லை.

இப்போது அந்த வெள்ளைத் திட்டுக்கு வருவோம். படம் எடுக்கும் முன் காதணிகளைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். இடது காதுத் தோட்டைக் கழற்றிவிட்டார். வலது காதில் திருகு இறுகிக்கொண்டதால் தோடு அப்படியே இருந்துவிட்டது. திட்டு தெரிவதோ இடப்பக்கம். “இடது காதுலதான் ஒண்ணுமே இல்லையே சார், அப்ப இது எலும்புக்குள்ள இருக்கறதுதானே?” என்று கேட்கும் மாணவர் தர்க்கப்படிதான் கேட்கிறார். ஆனால் அந்தத் திட்டு வலது காதுத் தோட்டின் நிழல். இதைக் கோஸ்ட் இமேஜ் என்பார்கள்.

இடது கடைவாயைப் படமெடுக்கும் கணத்தில் சென்சார் இடது கன்னத்துக்கு வெளியே இருக்கும். கதிர்க்குழாய் அதற்கு எதிரே, வலது காதுக்குப் பின்புறம் இருக்கும். அதாவது கதிர் வலப்பக்கத்து எலும்பு, சதை, நகை எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டுதான் இடது தாடையை அடைகிறது. வலப்பக்கத்தவை ஃபோக்கல் டிரஃபுக்கு வெகு தொலைவில் இருப்பதால் சாதாரணமாகக் கலைந்து கரைந்துவிடும். அடர்த்தி மிகுந்த உலோகம் மட்டும் முழுதாகக் கரைவதில்லை. கலைந்த வெண்மையாக எதிர்ப்பக்கத்தில் படிந்துவிடுகிறது. எந்தப் பொருள் கதிர்க்குழாய்க்கும் சுழல்மையத்துக்கும் நடுவே அகப்படுகிறதோ அதற்கே இந்தக் கதி.

திட்டு தோட்டைவிட உயரத்தில் தெரிவதற்கும் காரணம் உண்டு. ஓ.பி.ஜி. கதிர் கிடைமட்டமாகப் போவதில்லை. சில டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்து போகும். சென்சாரை ஒட்டியுள்ள பொருளின் பிம்பம் ஏறக்குறைய அதே மட்டத்தில் விழும். கதிர்க்குழாயை ஒட்டியுள்ள பொருளின் நிழல் நெடுந்தூரம் போகவேண்டியிருப்பதால் போகப்போக மேலேறிவிடும், பெரிதாகியும்விடும். காதுமடலில் தொங்கும் தோட்டின் நிழல் எதிர்ப்பக்கத்துச் சைனஸ் மீது போய் விழுவது இப்படித்தான்.

ஆகவே கோஸ்ட் பிம்பம் என்று சந்தேகித்தால் நான்கு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்: எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும், மூலத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும், மூலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அதைவிடக் கலைந்து இருக்க வேண்டும். இவற்றில் ‘மூலம்’ என்ற சொல்தான் முக்கியம். மறுபக்கத்தில், தாழ்வாக, கூர்மையான விளிம்புடன் அதன் ஜோடியைக் கண்ணால் பார்த்த பிறகே திட்டைக் கோஸ்ட் என்று ஒதுக்கலாம். நம் படத்தில் வலப்பக்கம், தாடையின் பின்விளிம்பை ஒட்டித் தோட்டின் வடிவம் அச்செடுத்தாற்போல் தெரிகிறது. ஐயமில்லை. ஜோடி கிடைக்காவிட்டால் அந்தத் திட்டை நோய் என்றே எடுத்துக்கொண்டு, நோயாளியின் காதையும் கழுத்தையும் நேரில் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு வேறொரு படம் எடுக்க வேண்டும். சைனஸுக்குள் மாட்டிய வேர்த்துண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். அதைக் கோஸ்ட் என்று தள்ளிவிடுவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

இரண்டு காதிலும் நகை இருந்தால் நான்கு பிம்பங்கள் வரும்: இரண்டு மூலம், இரண்டு நிழல். ஜிமிக்கி போன்ற பெரிய நகை என்றால் நிழல் பரந்து கடைவாய்ப்பற்களையே மறைத்துவிடும். பின்கழுத்தைச் சுற்றிப் போகும் சங்கிலி கதிர்க்குழாய்க்கு வெகு அருகே இருப்பதால் பெரிய கலைந்த வெண்மையாக விழும். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வது நம் ஊரில் எளிதல்ல. கழற்ற மனமில்லாதவரை வற்புறுத்தாமல், சங்கிலி நீளமாக இருந்தால் முன்பக்கத்தை ஏற்றி, பின்பக்கம் கழுத்தைவிட்டு முதுகில் தாழ்ந்து தொங்கும்படி செய்யச் சொல்லலாம். கதிர் போகும் பாதையில் அது இல்லாமல் இருந்தால் போதும். மூக்குத்தி, கொண்டை ஊசி, கண்ணாடி, செவிப்புலன் கருவி, கழற்றி மாட்டும் பல்செட் ஆகியவற்றையும் மறக்கக் கூடாது. ஈயக் கவசம் போடும்போது கழுத்துப் பட்டையைத் தவிர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அது கதிரின் பாதையில் குறுக்கிட்டு, படத்தின் கீழ்நடுவில் ஒன்றும் தெரியாத வெள்ளைப் பரப்பை உண்டாக்கிவிடும்.

நடுவில் உள்ள முக்கோணமும் ஒருவகையில் இதே கதைதான். கதிர்க்குழாய் தலைக்கு நேர்பின்னே வந்து முன்பற்களைப் படமெடுக்கும்போது கழுத்தெலும்பு வழியில் நிற்கிறது. பல எந்திரங்கள் அந்த இடத்தைக் கடக்கையில் கதிரின் வலுவைக் கூட்டி அதைச் சமாளிக்கின்றன. கழுத்து நீண்டு நிமிர்ந்திருந்தால் இது போதும். முதுகைக் கூனி, தலையை மட்டும் முன்னே நீட்டி நின்றால் கழுத்தெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அடர்த்தி கூடிவிடும். அந்த அடர்த்திதான் முன்பற்களின் மீது வெளிறிய கூம்பாகப் படிகிறது. பின்தள்ளி நின்றதால் வந்த மங்கலும் இந்தக் கூம்பும் சேர்ந்ததால் இவர் படத்தில் முன்பற்கள் முற்றிலும் பயனற்றுப் போயின.

கறுப்புப் பட்டை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே இருந்த காற்று. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்திருந்தால் அது வந்திருக்காது. அந்தக் கருமையில் மேற்பற்களின் வேர்நுனிகள் கரைந்துவிடுவதால், வேர்நுனியில் உள்ள சீழ்க்கட்டி போன்றவை இருந்தாலும் தெரியாது. உதடு திறந்திருந்தால் இதேபோல முன்பற்களின் கிரீடங்கள் மீது கருமை விழுந்து சொத்தை போலத் தோன்றும்.

தலை ஒரு பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடலாம். சென்சாரை நெருங்கிய பக்கம் ஒடுங்கும், விலகிய பக்கம் அகலும். இடம் வலம் கடைவாய்ப்பற்களின் அகலத்தை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். தலை சாய்ந்தால் ஒரு பக்கத் தாடைமூட்டு மறுபக்கத்தைவிட உயர்ந்து நிற்கும்.

இவையெல்லாம் நடக்காமல் இருக்க, நோயாளியை நிறுத்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. நகைகள் எல்லாம் கழன்றனவா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பக் கூடாது. பிறகு எந்திரத்துக்குள் நிறுத்தி, கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, கால்களை ஓரடி முன்வைக்கச் சொன்னால் கழுத்து தானாக நிமிரும். அடுத்தது கடிகட்டை. “கீழ்ப்பல்லை முன்னாடி கொண்டு வாங்கம்மா, ரெண்டும் பள்ளத்துல உக்காரணும்” என்று சொல்லி, உதட்டை விலக்கிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். முன்பல் இல்லாதவர்களுக்குப் பஞ்சுச் சுருளை வைத்தோ முகவாய்த் தாங்கியைக் கொண்டோ அந்த இடத்தை ஈடுசெய்ய வேண்டும். அதன்பிறகுதான் ஒளிக்கோடுகள். முகத்தின் நடுவே இறங்கும் கோடு தலை திரும்பியதைக் காட்டும். கண்குழியின் கீழ்விளிம்பையும் காதுத்துளையின் மேல்விளிம்பையும் இணைக்கும் கிடைக்கோடு முகவாய் தாழ்ந்ததையும் உயர்ந்ததையும் காட்டும். கோரைப்பல் அருகே விழும் கோடு முன் பின் தவற்றைக் காட்டும். அது எந்தப் பல்லின் மீது விழவேண்டும் என்பது எந்திரத்துக்கு எந்திரம் சற்று மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. கடைசியாக, பொத்தானை அழுத்தும் முன்: “எச்சில் முழுங்குங்கம்மா. இப்ப நாக்கு மேல ஒட்டியிருக்கில்ல? அப்படியே வெச்சுக்குங்க. உதட்டை மூடிக்குங்க. எந்திரம் சுத்தி முடிக்கிற வரைக்கும் அசையாதீங்க.” ‘நாக்கை அண்ணத்தில் ஒட்டுங்கள்’ என்று மட்டும் சொன்னால் பலரும் நுனியை மட்டும் தொட்டு நிறுத்திவிடுவார்கள். விழுங்கும்போது நாக்கு முழுதும் அண்ணத்தை நிரப்புகிறது. அதனால் விழுங்கச் சொல்வதே நம்பகமான வழி.

இனி, இவருக்கு மறுபடி படம் எடுப்பதா? ஓர் ஓ.பி.ஜி.யில் உடல் ஏற்கும் கதிர் பொதுவாகச் சில நாட்கள் இயற்கையிலிருந்தே நாம் பெறும் கதிரின் அளவுதான். அது சிறிது என்பதற்காகத் தேவையில்லாமல் இன்னொரு முறை கொடுக்க உரிமை இல்லை. முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கேள்விக்காகப் படம் எடுத்தோம் என்பது. இவருடைய கேள்வி வலது கீழ் ஞானப்பல். அந்தப் பகுதியில் ஃபோக்கல் டிரஃப் அகலமாக இருப்பதால் பல்லின் சாய்வு, வேர்கள், கீழே ஓடும் நரம்புக் கால்வாய் மூன்றும் தெளிவாக இருக்கின்றன. தோட்டின் மூலப் பிம்பம் அவற்றின் மேல் விழவில்லை. எனவே மறுபடம் தேவையில்லை. இதே படம் முன்பல் அடிபட்டவருக்கு எடுத்ததாக இருந்தாலும், இன்னொரு ஓ.பி.ஜி.க்குப் பதிலாக அந்தப் பல்லுக்கு மட்டும் வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய படமே போதும். அது முன்பல்லை ஓ.பி.ஜி.யைவிடக் கூர்மையாகவே காட்டும். இரு தாடைகளையும் முழுமையாகப் பார்க்கவேண்டிய நோயாளிக்குப் பெரும்பகுதி மறைந்துபோயிருந்தால் மட்டுமே மறுபடம். அப்போதும் என்ன தவறு நடந்தது என்று கண்டுபிடித்த பிறகே. இல்லையென்றால் இரண்டாவது படமும் அதே தவற்றோடுதான் வரும்.

இவருடைய அறிக்கையில் எழுதவேண்டியது இவ்வளவுதான்: “வலது கீழ் ஞானப்பல் முன்நோக்கிச் சாய்ந்து புதைந்துள்ளது. நோயாளி பின்தள்ளி நின்றதாலும் கழுத்தெலும்பின் நிழலாலும் முன்பற்களை மதிப்பிட இயலவில்லை. நாக்குக்கு மேலுள்ள காற்றின் நிழலால் மேல்வரிசை வேர்நுனிகளை மதிப்பிட இயலவில்லை. இடது மேல்தாடையில் காணப்படும் வெள்ளைத் திட்டு வலது காதணியின் கோஸ்ட் பிம்பம்.”